மைட்டாசிஸ், மியாசிஸ்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

செல் பகுப்பு பாடம் வந்தால் வகுப்பில் அந்த ஒரு ஸ்லைடு கட்டாயம் வரும். இடப்பக்கம் மைட்டாசிஸ், வலப்பக்கம் மியாசிஸ், கீழே பத்து வரி வேறுபாட்டு அட்டவணை. பிள்ளைகள் பத்து வரியையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டால் எந்த வரி எந்தப் பக்கம் என்று குழம்பும். சேலத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளும் கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகளும், ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்து படிப்பவர்களும் என்னிடம் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் வெங்காயம், மா, காபி.

1. ஒரே வரியில சொல்லுங்க மேடம், ரெண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?

மியாசிஸின் முதல் சுற்றில் ஒத்த குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து, பிறகு ஆளுக்கொரு பக்கம் பிரிகின்றன. மைட்டாசிஸில் அவை ஜோடி சேர்வதே இல்லை.

அட்டவணையின் மற்ற வரிகள் எல்லாம் இதிலிருந்து வருபவை. ஜோடி பிரிவதால் எண்ணிக்கை பாதியாகிறது. ஜோடி ஒட்டிக்கிடக்கும் நேரத்தில் துண்டுகள் கைமாறுவதால் குறுக்கேற்றம் நடக்கிறது. முதல் சுற்று முடிந்தும் ஒவ்வொரு குரோமோசோமும் இரட்டையாகவே இருப்பதால் அதைப் பிரிக்க இரண்டாம் சுற்று தேவைப்படுகிறது. இரண்டு சுற்று நடப்பதால் நான்கு செல் கிடைக்கிறது. பத்து வரியைத் தனித்தனியாக உருப்போடுவதைவிட இந்த ஒரு வரியிலிருந்து மற்றவற்றை வரவழைத்துப் பாருங்கள்.

2. ஒத்த குரோமோசோம், சகோதரி குரோமாட்டிட் ரெண்டும் ஒண்ணுதானே? படத்துல ரெண்டுமே ஜோடியாத்தானே போட்டிருக்காங்க?

குழப்பம் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது. இது தெளிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

வீட்டில் இரண்டு சமையல் நோட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அம்மா வழியில் வந்தது, மற்றது அப்பா வழியில் வந்தது. இரண்டிலும் அதே பதார்த்தங்கள், அதே வரிசையில். ஆனால் ஒன்றில் குழம்புக்குப் புளி கூட, மற்றதில் தேங்காய் கூட. இவைதான் ஒத்த குரோமோசோம்கள். அம்மா வழி நோட்டை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து மூலத்தோடு சேர்த்து நடுவில் பின் அடித்தால், அந்த இரண்டு பிரதிகளும் சகோதரி குரோமாட்டிடுகள். அவற்றுக்குள் எழுத்துக்கு எழுத்து வித்தியாசம் இருக்காது. பின் அடித்த இடம் சென்ட்ரோமியர்.

படத்தில் X போலத் தெரிவது அந்தப் பின் அடித்த கட்டு. அது ஒரே ஒரு குரோமோசோம். ஒத்த ஜோடி என்றால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு X. மைட்டாசிஸ் பின்னைப் பிரித்து மூலத்தை ஒரு பக்கமும் ஜெராக்ஸை மறுபக்கமும் அனுப்புகிறது. மியாசிஸின் முதல் சுற்று பின்னைத் தொடுவதில்லை. அம்மா கட்டு ஒரு பக்கமும் அப்பா கட்டு மறுபக்கமும் போகும்.

3. நீட் கேள்வியில குரோமோசோம் எத்தனை, குரோமாட்டிட் எத்தனைன்னு கேக்கறாங்க. X-ஐ ஒண்ணா எண்ணணுமா, ரெண்டா?

சென்ட்ரோமியரை எண்ணுங்கள். எத்தனை சென்ட்ரோமியரோ அத்தனை குரோமோசோம். X-இல் பின் ஒன்றுதான், அதனால் குரோமோசோமும் ஒன்றுதான்.

வெங்காயத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு 2n = 16. செல் பிரியத் தயாராகும்போது டி.என்.ஏ. இரட்டிக்கிறது. குரோமோசோம் அப்போதும் 16தான், ஆனால் குரோமாட்டிட் 32. மைட்டாசிஸின் அனாபேஸில் சென்ட்ரோமியர்கள் பிரிந்ததும் அந்தச் சற்று நேரத்துக்கு ஒரே செல்லுக்குள் 32 குரோமோசோம். பிறகு பக்கத்துக்கு 16. மியாசிஸின் முதல் அனாபேஸில் சென்ட்ரோமியர் பிரியாது. அதனால் மொத்தம் 16 ஆகவே இருந்து, பக்கத்துக்கு 8 போகிறது. அந்த எட்டும் இன்னும் X வடிவில்தான், அதாவது 16 குரோமாட்டிட். இரண்டாம் அனாபேஸில்தான் அவை பிரிந்து, கடைசியில் ஒரு செல்லுக்கு 8 ஒற்றைக் குரோமோசோம் கிடைக்கிறது.

டி.என்.ஏ. அளவைக் கேட்டால் அது வேறு கணக்கு. தொடக்கத்தில் 2 பங்கு, இரட்டித்ததும் 4. மைட்டாசிஸ் முடிந்தால் 2. மியாசிஸின் முதல் சுற்று முடிந்தால் 2, இரண்டாம் சுற்று முடிந்தால் 1. மைட்டாசிஸ் முடிந்த செல்லிலும் மியாசிஸ் முதல் சுற்று முடிந்த செல்லிலும் டி.என்.ஏ. அதே 2 பங்குதான், ஆனால் குரோமோசோம் ஒன்றில் 16, மற்றதில் 8. கேள்வி தயாரிப்பவர்களுக்கு மிகவும் பிடித்த இடம் இது.

4. மியாசிஸ் ரெண்டாவது சுத்தும் மைட்டாசிஸ் மாதிரியேதான்னு புக்ல இருக்கு. அப்புறம் எதுக்கு தனியா படிக்கணும்?

நடக்கிற வேலை ஒன்றுதான்: குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நிற்கின்றன, சென்ட்ரோமியர் பிரிகிறது, குரோமாட்டிடுகள் எதிரெதிரே போகின்றன. வேறுபாடு உள்ளே போகும் சரக்கில் இருக்கிறது. மைட்டாசிஸுக்கு முன்னால் டி.என்.ஏ. இரட்டிக்கும், மியாசிஸின் இரண்டு சுற்றுக்கும் நடுவில் இரட்டிப்பு கிடையாது. இரண்டாம் சுற்றுக்குள் நுழையும் செல்லில் ஏற்கெனவே பாதி எண்ணிக்கைதான் இருக்கிறது.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. முதல் சுற்றில் குறுக்கேற்றம் நடந்துவிட்டதால், X-இன் இரு கைகளும் இனி அச்சு அசலாக ஒரே மாதிரி இல்லை. ஜெராக்ஸ் பிரதியின் சில பக்கங்கள் எதிர் நோட்டின் பக்கங்களாக மாறியிருக்கும். அதனால் மைட்டாசிஸில் பிறக்கும் இரண்டு செல்லும் ஒன்றுபோல இருக்க, மியாசிஸின் இரண்டாம் சுற்றில் பிறப்பவை ஒன்றுபோல இருக்க வேண்டியதில்லை.

5. பிராக்டிகல் எக்ஸாம்ல ஸ்லைடைப் பாத்ததும் எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் குரோமோசோமைத் தேடாதீர்கள், செல்லின் வடிவத்தைப் பாருங்கள். வேர் நுனியில் எடுத்த ஸ்லைடில் செல்கள் செங்கல் அடுக்கியது போல வரிசையாக, கட்டம் கட்டமாக இருக்கும். அழுத்தித் தட்டையாக்கிய பிறகும் அந்த வரிசையின் தடம் அங்கங்கே தெரியும். மகரந்தப்பையில் எடுத்த ஸ்லைடில் செல்கள் பெரிதாக, உருண்டையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கும். நான்கு நான்காகக் கூடி நிற்கும் செல்கள் கண்ணில் பட்டால் மியாசிஸ் முடிந்த இடத்தைப் பார்க்கிறீர்கள்.

அடுத்து, நடுக்கோட்டில் நிற்பவற்றை எண்ணுங்கள். வெங்காய வேரின் மெட்டாபேஸில் 16 தனித்தனிக் கம்பிகள் இருக்கும். வெங்காய மொட்டின் முதல் மெட்டாபேஸில் 8 கட்டிகள்தான் இருக்கும். அவை வளையம் போலவோ சிலுவை போலவோ தெரியும், ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒரு ஜோடி. சின்ன வெங்காயத்துக்கும் அதே எண்ணிக்கைதான், வீட்டில் இருப்பதைக் கொண்டுவந்தாலே போதும்.

நாமே தயாரிக்கும் ஸ்லைடு கெடுவது பெரும்பாலும் சில்லறைக் காரணங்களால்தான். வேரை நீளமாக வெட்டினால் பிரியாத செல்களே நிறைந்துவிடும். கடைசி 2 அல்லது 3 மில்லிமீட்டர் போதும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடு காட்டாவிட்டால் செல்கள் பிரியாமல் அடை அடையாகக் கிடக்கும், சூடு அதிகமானால் குழைந்துவிடும். மொட்டில் வரும் பிரச்சினை வேறு. பெரிய மொட்டில் மகரந்தத்தூள் ஏற்கெனவே உருவாகியிருக்கும், மிகச் சிறியதில் பகுப்பு தொடங்கியே இருக்காது. ஒரே பூங்கொத்தில் சிறிதிலிருந்து பெரிது வரை வரிசையாக மொட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தால்தான் சரியான அளவு பிடிபடும்.

6. முதல் சுத்து முடிஞ்சதும் ஒரு படத்துல நடுவுல சுவர் போட்டிருக்காங்க, இன்னொரு படத்துல போடல. எது தப்பு?

இரண்டும் சரி. வெங்காயத்தில் முதல் சுற்று முடிந்ததும் சுவர் எழும்பி இரண்டு செல் தெரியும். காபியில் நடுவில் சுவர் எழும்பாது, இரண்டு சுற்றும் முடிந்த பிறகு நான்காக ஒரேயடியாகப் பிரியும்.

7. மைட்டாசிஸ் உடல் செல்லுல, மியாசிஸ் இனப்பெருக்க செல்லுல. இப்படி எழுதினா மார்க் கிடைக்குமா?

மார்க் கிடைக்கும். ஆனால் எனக்கு அந்த வரி பிடிக்காது. மகரந்தத் தாய் செல்கள் மியாசிஸுக்குப் போகும் முன் எண்ணிக்கையில் பெருகியது மைட்டாசிஸால்தான். மியாசிஸ் முடிந்து பாதி எண்ணிக்கையோடு பிறந்த மகரந்தத்தூளும் அடுத்து மைட்டாசிஸில் பிரிந்துதான் உள்ளே இரண்டு செல்லாகிறது. வெங்காய மகரந்தத்தூளில் அது 8 குரோமோசோமை வைத்து நடக்கும் மைட்டாசிஸ்.

மைட்டாசிஸுக்கு 8 ஆனாலும் 16 ஆனாலும் கவலை இல்லை, இருப்பதைப் பிரதி எடுத்துப் பங்கு போடும். மியாசிஸுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி இருந்தே ஆக வேண்டும். இதை நினைவில் வையுங்கள், 11-ஆம் கேள்வியில் தேவைப்படும்.

8. நல்ல மல்கோவா சாப்பிட்டு அந்தக் கொட்டையை நட்டேன். மரம் வந்துச்சு, அந்த ருசி வரல. ஒட்டுக்கன்னுல மட்டும் எப்படி அதே பழம் வருது?

ஒட்டுக்கட்டும் குச்சி தாய் மரத்தின் ஒரு துண்டு. அது கிளையாக, இலையாக வளர்வது முழுவதும் மைட்டாசிஸால். அதனால் ஒட்டுக்கு மேலே இருப்பது அதே மரத்தின் தொடர்ச்சி, பழமும் அதே பழம். கொட்டைக்குள் இருக்கும் கரு அப்படி இல்லை. தாய் மரத்தில் ஒரு மியாசிஸ், மகரந்தம் தந்த மரத்தில் ஒரு மியாசிஸ், இரண்டின் சேர்க்கை அது.

மாவுக்கு 2n = 40, அதாவது 20 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் எது எந்தப் பக்கம் போகும் என்பது மற்ற ஜோடிகளைப் பொறுத்தது இல்லை. 2-ஐ 20 முறை பெருக்கினால் 10,48,576. குறுக்கேற்றத்தைக் கணக்கில் சேர்க்காமலே ஒரு மரத்தால் இத்தனை வகைப் பாதிகளைத் தர முடியும். மறுபக்க மரத்துக்கும் இதே கணக்கு. மல்கோவாவின் ருசி பல ஜீன்கள் சேர்ந்து அமைந்த ஒன்று. அந்தச் சேர்க்கை அப்படியே திரும்ப அமையும் என்று எதிர்பார்த்துக் கொட்டையை நடுவது வீண்.

9. சில மாங்கொட்டையில நாலஞ்சு முளை ஒண்ணா வருதே, அதுவும் இப்படித்தானா?

மேற்குக் கடற்கரைப் பகுதி மாக்கள் சிலவற்றில் அப்படி வரும். ஒலூர், சந்திரக்காரன் அந்த வகை. அந்த முளைகளில் பெரும்பாலானவை கருவுற்ற முட்டையிலிருந்து வந்தவை அல்ல. சூலின் உள்ளே இருக்கும் தாய்த் திசுவின் செல்கள் மைட்டாசிஸில் பிரிந்து நேராகக் கருவானவை. கொட்டையிலிருந்து வந்தாலும் அவை தாயின் நகல்கள்தான். ஒட்டுக்கட்ட ஒரே சீரான வேர்ச்செடி வேண்டும்போது இப்படிப்பட்ட ரகங்களைத் தேடுவது இதனால்தான். நம் பக்கத்து மல்கோவா கொட்டையில் ஒரே கரு, அதனால் 8-ஆம் பதில் அப்படியே பொருந்தும்.

10. எங்க ஊரு ஏற்காடு மேடம். காபியை விதை போட்டுத்தான் நாத்து விடறாங்க, செடி மாறாமத்தான் வருது. மியாசிஸ் அங்க வேலை செய்யலையா?

செய்கிறது. ஆனால் கலைக்க அங்கே அதிகம் இல்லை. சேர்வராயன் மலையில் அதிகம் இருப்பது அராபிகா. அது பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். தலைமுறை தலைமுறையாக அப்படி நடந்தால் ஜோடியின் இரண்டு நோட்டிலும் ஏறக்குறைய ஒரே பாடம்தான் மிஞ்சும். எந்த நோட்டு எந்தப் பக்கம் போனாலும், பக்கங்கள் கைமாறினாலும் முடிவு ஒன்றுதான்.

ரொபஸ்டாவை அப்படி விதை போட்டுப் பாருங்கள், செடிக்குச் செடி மாறும். தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடி அது. எப்போதும் வேறு செடியின் மகரந்தம் வருவதால் ஜோடியின் இரு பக்கமும் வெவ்வேறாகவே இருக்கும். நல்ல ரொபஸ்டா செடி கிடைத்தால் தண்டுத் துண்டிலிருந்து பெருக்குவார்கள். காரணம் ஒட்டு மாவுக்குச் சொன்னதேதான்.

11. அராபிகா 44, ரொபஸ்டா 22. ரெண்டையும் கலந்தா 33 வருது. ஒத்தைப்படை எண்ணை மியாசிஸ் எப்படிப் பாதியாக்கும்?

இந்தக் கணக்கைத் தானே போட்டுக் கேட்கும் பிள்ளைக்கு நான் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குவேன். முதலில் 44-ஐப் பிரித்துப் பார்க்க வேண்டும். அராபிகாவே பழைய கலப்பில் பிறந்தது. ஒரு பக்கம் ரொபஸ்டா இனம், மறுபக்கம் யூஜெனியாய்டிஸ் என்ற காட்டுக் காபி. ரொபஸ்டா வழித் தொகுதியை ‘ர’ என்றும் மற்றதை ‘யூ’ என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு தொகுதிக்கு 11 குரோமோசோம். அராபிகாவில் ர, ர, யூ, யூ என நான்கு தொகுதி, மொத்தம் 44. மியாசிஸில் ர ர-வோடும், யூ யூ-வோடும் சேர்ந்து 22 ஜோடி ஒழுங்காக அமைகிறது. ரொபஸ்டாவில் ர, ர மட்டும், எனவே 11 ஜோடி.

கலப்புச் செடிக்கு அராபிகா தருவது ஒரு ர, ஒரு யூ. ரொபஸ்டா தருவது ஒரு ர. ஆக ர, ர, யூ, மொத்தம் 33. இந்தச் செடி செழிப்பாகவே வளரும், இலையும் தண்டும் பிரமாதமாக இருக்கும். 33-ஐப் பிரதி எடுத்து 33, 33 என்று பங்கு போடுவதில் மைட்டாசிஸுக்கு எந்தச் சிரமமும் இல்லை. 7-ஆம் பதிலில் சொன்னது இதுதான்.

பூக்கும் பருவத்தில்தான் தகராறு. மியாசிஸின் முதல் சுற்றில் இரண்டு ர தொகுதியும் 11 ஜோடியாகச் சேர்ந்துவிடும். 11 யூ குரோமோசோம்களுக்கு ஜோடி இல்லை. ஒவ்வொன்றும் போன பக்கம் போகும். ஒரு செல் ஒழுங்காக அமைய வேண்டுமானால் பதினொன்றும் அதற்கு வர வேண்டும், அல்லது ஒன்றுகூட வரக்கூடாது. ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் போகவும் சம வாய்ப்பு என்று வைத்தால் அப்படி அமைவது 1,024-இல் ஒரு முறை. உண்மையில் இன்னும் அரிது, ஏனென்றால் ஜோடியில்லாதவை சில நேரம் வழியிலேயே தங்கி எந்தப் பக்கமும் சேராமல் தொலைந்துவிடும். மற்ற செல்களில் நான்கைந்து யூ குரோமோசோம் அதிகமாகவோ குறைவாகவோ இருக்கும். பெரும்பாலான மகரந்தம் உதவாது, சூலும் அப்படியே. செடி பூக்கும், காய் அதிகம் பிடிக்காது. பிடித்தவற்றிலும் விதை வைக்காத, தண்ணீரில் போட்டால் மிதக்கிற காய்கள் நிறைய இருக்கும்.

நாம் சாப்பிடும் வாழைகளில் பெரும்பாலானவற்றுக்கும் 33 குரோமோசோம்தான். வாழையைப் பக்கக்கன்று வைத்தே பெருக்குகிறோம் என்பதை யோசித்தால் மீதி விளங்கிவிடும்.

12. அப்படின்னா அராபிகா, ரொபஸ்டா கலப்பு ரகமே இருக்கக் கூடாதே? தாத்தா எஸ்டேட்ல இருக்குன்னு சொல்றாரே?

தாத்தா சொல்வது சரி. திமோர் தீவில் தானாகவே உருவான ஒரு கலப்பு இருக்கிறது, அதற்கு 33 இல்லை, 44. அதைப் பெற்ற ரொபஸ்டாவின் ஒரு மியாசிஸ் பிசகியிருக்க வேண்டும். 11 தர வேண்டிய இடத்தில் பாதியாகாமல் 22-ஐயும் அப்படியே ஒரே செல்லில் தந்துவிட்டது. அராபிகாவின் 22 அதோடு சேர்ந்து 44 ஆனது. எண்ணிக்கை அராபிகாவோடு ஒத்துப்போனதால் விதையும் வைத்தது, மேற்கொண்டு அராபிகாவோடு கலக்கவும் முடிந்தது.

ரொபஸ்டாவிடமிருந்து இலைத்துரு நோயைத் தாங்கும் சக்தியும் அந்தக் கலப்புக்கு வந்தது. அதைக் கட்டூரா என்ற குட்டை அராபிகாவோடு சேர்த்து உண்டாக்கியதுதான் கட்டிமோர். நம் நாட்டில் ‘காவேரி’ என்ற பெயரில் கொடுத்தது அதன் வழி வந்த ரகம். தாத்தா சொல்வது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

13. புராஜெக்டுக்கு காபிப் பூவுல மியாசிஸ் காட்டலாம்னு இருக்கேன். எப்ப மொட்டு பறிக்கணும்?

வெள்ளையாக விரிந்த பூவைக் கொண்டுவராதீர்கள், அதில் எல்லாம் முடிந்திருக்கும். காபி மொட்டு சில மில்லிமீட்டர் வளர்ந்ததும் வறண்ட மாதங்களில் அப்படியே உறங்கிவிடும். மார்ச், ஏப்ரலில் கோடை மழை விழுந்த பிறகுதான் விழித்து மீண்டும் வளரும், மகரந்தத் தாய் செல்கள் மியாசிஸுக்குள் போவதும் அப்போதுதான். மழைக்கு ஏறக்குறைய எட்டு பத்து நாளில் பூ விரிந்துவிடும். மழை பெய்த மறுநாளிலிருந்து தினமும் காலையில் அதே செடியில் சில மொட்டுகளைப் பறித்து, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் போட்டு, புட்டியில் தேதி எழுதி வையுங்கள். ஏதாவது ஒரு புட்டியில் சரியான கட்டம் மாட்டும்.

காபிக் குரோமோசோம்கள் மிகவும் சிறியவை. பள்ளி மைக்ராஸ்கோப்பில் 22 ஜோடியையும் எண்ணிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நான்கு நான்காக நிற்கும் செல்களைக் காட்ட முடிந்தாலே புராஜெக்டுக்குப் போதும். எண்ணிக்கை காட்டியே ஆக வேண்டும் என்றால் வெங்காயப் பூவுக்குப் போங்கள்.